நாக்கின் அடியில் ஒரு கெட்டு

பால் சொசைட்டியில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. பாறசாலைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊர்ச் சொசைட்டியில் விடியும்போதே கறவைக்காரர்கள் பாத்திரங்களோடு வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி லாக்டோமீட்டரை மிதக்க விடுவது என் வேலை. நல்ல பாலில் அது நிமிர்ந்து நிற்கும். தண்ணீர் சேர்த்த பாலில் கூடுதலாக அமிழும். அமிழ்ந்தால் நான் பதிவேட்டில் எழுதுவதோடு நிற்பதில்லை. வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அடுத்த பாத்திரத்தைத் தொடுவேன். என் நாக்கின் நீளத்தைப் பற்றி ஊரில் பேச்சு உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்படிப்பட்ட நான் என் மகளுக்குப் பாலில் தண்ணீர் கலந்தேன். கலந்ததை மறைத்துப் பொய்யும் சொன்னேன்.

மகள் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் பிறந்தாள். இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம், சுகப் பிரசவம். முதல் நாளே மார்பில் வாய் வைத்தாள். வைத்ததும் எனக்கு உச்சந்தலை வரை வலித்தது. முதல் குழந்தை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். ஆனால் அவள் பிள்ளை குடிக்கும்போது சத்தமே வராது. என் மகள் குடிக்கும்போது 'டக், டக்' என்று ஒரு சத்தம் வந்தது, பல்லி கொட்டுவதைப் போல. நாலு இழுப்பு இழுப்பாள், பிடி நழுவும், அழுவாள், மறுபடி பிடிப்பாள். அரைமணி நேரத்தில் களைத்துத் தூங்கிவிடுவாள். வாயிலிருந்து எடுத்துப் பார்த்தால் என் காம்பு சாய்த்துச் சீவிய பென்சில் மாதிரி ஒருபக்கமாக நசுங்கியிருக்கும்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைப்பிரசவம் என்பதால் பிறந்த வீட்டுக்குத்தான் போனேன். அம்மா இல்லாத வீடு அது. அண்ணனின் மனைவி, என் மைனிதான் எனக்கு அங்கே எல்லாம். என் கணவர் பூவாறில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். அவர் சாயங்காலம் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவார். வரும்போதெல்லாம் அவள் வாயை எட்டிப் பார்த்து, "எட்டி, உனக்க நாக்குல பாதியெங்கிலும் இவளுக்குக் கிட்டியிருக்கப்பிடாதா?" என்பார். சிரிப்புதான். ஆனால் அந்தக் கேலி எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அழும்போது அவள் நாக்கின் நுனி நடுவில் உள்ளே இழுபட்டு, வெற்றிலையின் காம்புப் பக்கம் போல் பிளந்து தெரியும். நாக்கு மேலே எழும்பாது. இரண்டு ஓரமும் மட்டும் சுருண்டு எழும்பும்.

அதற்குப் பெயர் வைத்தது எங்களைக் குளிப்பிக்க வந்த அக்கா. எங்கள் பக்கத்தில் பிரசவமான வீட்டுக்கு அப்படி ஒருத்தி வருவாள். தாய்க்கு எண்ணெய் தேய்த்து, மூலிகை இலை போட்டுக் கொதித்த வேதுவெந்நீரில் குளிப்பாட்டி, பிள்ளையையும் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவாள். பொன்னும் வயம்பும், அதாவது வசம்பும், கல்லில் உரைத்துப் பிள்ளையின் நாக்கில் தடவுவதும் அவள்தான். ஆறாம் நாள் தடவப் போனவள் விரலை வெளியே எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மக்களே, நாக்குக்க அடியில கெட்டு உண்டு கேட்டியா. அதாக்கும் பிள்ள இழுக்காதது."

"அதுக்கு என்ன செய்யணும் அக்கா?"

"என்ன செய்ய? ஒரு கீறு. எத்தன பிள்ளையளுக்குச் செய்திருக்கேன்." அவள் சுண்டுவிரலைக் காட்டினாள். அந்த ஒரு விரலில் மட்டும் நகம் நீளமாக வளர்த்து, கூராக வெட்டி வைத்திருந்தாள்.

நான் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டேன். ஈர உடம்போடு, எண்ணெய் வழிய, என் வாயில் என்னவெல்லாம் வந்தது என்று எனக்கே நினைவில்லை. அந்த அக்கா மறுநாளிலிருந்து வரவில்லை. மைனி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தம்பி பிறந்தான். அவனுக்கும் நாக்கில் கெட்டு. அப்போது வந்துகொண்டிருந்த ஒரு குளிப்பிப்புக்காரி நகத்தால் கீறிவிட்டாள். ரத்தம் நிற்கவில்லை. வெள்ளைத் தோர்த்துத் துண்டை மடித்து அவன் வாயில் வைத்துப் பிடிக்கச் சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு அம்மா வண்டி பிடிக்க ஓடினாள். தோர்த்து என் கையிலேயே முழுக்கச் சிவந்தது. தம்பி பிழைத்தான். இப்போது வெளிநாட்டில் நன்றாக இருக்கிறான். ஆனால் எனக்கு அந்தத் தோர்த்தின் சூடு இன்றைக்கும் உள்ளங்கையில் இருக்கிறது. நாக்கை வெட்டுவது என்று யார் சொன்னாலும், நகமோ கத்தரிக்கோலோ, நான் அந்த இடத்தில் நிற்கமாட்டேன்.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடை இரண்டு கிலோ அறுநூற்று நாற்பது. பிறந்த எடையை எட்டவேண்டிய நேரத்தில் அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். மூத்திரம் நாளுக்கு மூன்று தடவைதான் போனாள். ஒரு தடவை துணியில் செங்கல்பொடி நிறத்தில் ஒரு கறை இருந்தது. அதைக் கண்டு நான் ரத்தம் என்று நினைத்து அலறியிருந்தேன். பிள்ளைக்குத் தண்ணீர்ச் சத்து போதாததன் அடையாளம் அது என்று டாக்டர் சொன்னார்.

டாக்டர் ஒரு பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். மலையாளத்தில்தான் பேசினார். நாங்களும் மலையாளத்தில்தான் பதில் சொன்னோம். எனக்கு நினைவிருக்கிற மாதிரி தமிழில் எழுதுகிறேன். கையைக் கழுவிவிட்டு, பிள்ளை அழும்வரை காத்திருந்து வாயைப் பார்த்தார். சுண்டுவிரலை, ஒட்ட வெட்டிய நகம்தான், நாக்கின் அடியில் விட்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெல்லத் தடவினார். கீழ் ஈறின் மேல் விரலை ஓட்டி, நாக்கு அதைப் பின்தொடர்ந்து வருகிறதா என்று பார்த்தார். பிறகு விரலைச் சப்பக் கொடுத்தார். மேல் அண்ணத்தில் பிளவு ஏதும் இல்லை என்றும் பார்த்துக்கொண்டார்.

"கெட்டு இருக்கிறது," என்றார். "நாக்கை அடிவாயோடு கட்டும் சவ்வு நுனிக்குப் பக்கத்திலேயே பிடித்திருக்கிறது. ஆனால் இருக்கிறது என்பதற்காக வெட்டுவது கிடையாது. எத்தனையோ பிள்ளைகளுக்கு நாக்கின் அடியில் இந்தச் சவ்வு தெரியும், அவர்கள் நன்றாகவே குடிப்பார்கள். பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பது பாதிதான். நாக்கு எழும்புகிறதா, நீள்கிறதா, பால் உள்ளே போகிறதா, உனக்கு வலிக்கிறதா, இதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானம்."

கூட்டம் வெளியே நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவிலும் அவர் பிள்ளையை எப்படி அணைத்துப் பிடிப்பது, வாய் நன்றாகத் திறந்த பிறகு எப்படி மார்போடு சேர்ப்பது என்று காட்டித் தந்தார். ஒவ்வொரு தடவை குடித்து முடித்ததும் மிச்சத்தைக் கையால் பிழிந்து எடுத்துப் பாலாடையில் கொடுக்கச் சொன்னார். கொக்கு மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்தான் பாலாடை. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. "ஐந்து நாள் கழித்து வா. எடை ஏறவில்லை என்றால் நான் கூடவே உட்கார்ந்து ஒரு முழு நேரம் அவள் குடிப்பதைப் பார்க்கிறேன். தேவைப்பட்டால் ஒரு சின்ன வெட்டு. பேடிக்கண்டா."

பேடிக்கண்டா. பயப்படாதே என்று சொன்னவுடன் பயம் போகுமென்றால் உலகத்தில் பயமே இருக்காது. அவர் சொன்னதில் என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். எடை ஏறவில்லை என்றால் வெட்டு. வீட்டுக்குத் திரும்புகிற ஆட்டோவில் அதையே உருட்டிக்கொண்டு வந்தேன். வழியில் செங்கல் என்ற ஊரின் திருப்பத்தை எட்டுவதற்குள் மனதில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. எடை ஏறினால் வெட்டு இல்லை.

இரண்டு நாள் டாக்டர் சொன்னபடியே செய்தேன். காம்பு வெடித்திருந்தது. பிழிவதற்கு உட்கார்ந்தாலே கண்ணில் நீர் முட்டும். அரைமணி பிழிந்தால் பாலாடையின் அடி நனையும், அவ்வளவுதான். பிள்ளை அழுதபடியே இருந்தாள். பிறகு அழுவதற்கும் தெம்பில்லாதவள் போல் முனகினாள். அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. மைனியாலும் முடியவில்லை.

"மக்கா, நம்ம பசும்பாலு இருக்குல்லா," என்றாள் மைனி. "வெள்ளஞ் சேத்துக் காச்சி ரெண்டு பாலாட குடுத்தா பிள்ளைக்க வயிறு நெறயும். எனக்க ரெண்டும் அப்பிடித்தான் வளந்துது."

எனக்குத் தெரியாதா? ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். தெரிந்தேதான் சரி என்றேன். சொசைட்டிக்கு வருகிற பாலில் யார் வீட்டுப் பால் நல்ல பால் என்று எனக்கு மனப்பாடம். அந்த வீட்டிலிருந்தே வரவழைத்தேன். பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்துக் காய்ச்சினோம். சொசைட்டியிலிருந்து இரவல் வாங்கி வைத்திருந்த பழைய லாக்டோமீட்டர் ஒன்று அலமாரியில் கிடந்தது. என்ன நினைப்பிலோ அதை எடுத்து அந்தப் பாலில் விட்டுப் பார்த்தேன். அது மூழ்கித் தரை தட்டியது. வேறு யாராவது அதைக் கொண்டு வந்திருந்தால் நான் அவர்களை ஊர் எல்லை வரை துரத்தியிருப்பேன்.

ஆனால் பிள்ளை குடித்தாள். முதல் தடவையாக வயிறு நிறைந்து உறங்கினாள். நான் அவள் பக்கத்தில் படுத்துச் சந்தோஷத்தில் அழுதேன். கணவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று மைனியிடமும் சொல்லிவிட்டேன்.

பதினைந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் மூன்று பாலாடை நிறையக் கொடுத்தேன். தராசில் இரண்டு கிலோ எண்ணூறு. டாக்டரின் முகம் மலர்ந்தது.

"தாய்ப்பால் மட்டும்தானே கொடுக்கிறாய்?"

"ஆமா."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அவ்வளவு வேகம்.

"வலி?"

"இப்ப இல்ல."

குடிப்பதை உட்கார்ந்து பார்க்கிறேன் என்று தாம் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. பிள்ளையை மார்பில் வைக்கச் சொன்னார். வயிறு முட்ட இருந்தவள் வாயே திறக்கவில்லை. காதைத் தேய்த்தும் பாதத்தைச் சுண்டியும் பார்த்தார், அவள் எழுந்திருக்கவில்லை. "நன்றாகக் குடித்த பிள்ளையின் உறக்கம்," என்று சிரித்தார். நாக்கை மறுபடி ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, "பார்வைக்கு எனக்கு இது அவ்வளவு பிடிக்கவில்லை. ஆனாலும் எடை ஏறுகிறது, உனக்கும் வலி இல்லை. அப்படியென்றால் இந்தக் கெட்டு அவளைத் தடுக்கவில்லை. நாக்கின் அழகுக்காக நான் கத்தரிக்கோல் எடுப்பதில்லை," என்றார். பிள்ளையின் அட்டையில் எழுதினார். தாய்ப்பால் மட்டும். வெட்டுத் தேவையில்லை.

கணவர் ஆட்டோவில் விசிலடித்துக்கொண்டே வந்தார். நானும் சிரித்தேன். உள்ளே ஏதோ ஒன்று அமிழ்ந்துகொண்டே போனதை இப்போது எழுதும்போது சொல்வது எளிது. அன்றைக்கு எனக்கு நிம்மதிதான். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

பதினெட்டாம் நாள் காலையில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் ஆரம்பித்தது. தண்ணீராகப் போனாள், குடித்ததைக் கக்கினாள். மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு, அப்புறம் தலை தொங்கும். எனக்கும் பால் வற்றியிருந்தது. பாலாடையை நம்பி நான் அவளை மார்பில் வைப்பதைக் குறைத்திருந்தேன். குடிக்கிற பிள்ளை இல்லையென்றால் மார்பு தானாகவே கணக்கை நிறுத்திவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பத்தொன்பதாம் நாள் விடிந்தபோது அவள் உச்சிக்குழி பள்ளமாக இருந்தது. கிள்ளினேன். அழவில்லை. மறுபடி, கொஞ்சம் பலமாக. முகத்தைச் சுளித்தாள், அவ்வளவுதான். நான் போட்ட சத்தத்தில் அண்ணன் பல் தேய்த்துக்கொண்டிருந்த பிரஷ்ஷோடு ஓடி வந்தான்.

பாறசாலை லெவல் கிராஸிங்கில் கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது, முடியவே இல்லை. மடியில் கிடந்தவளின் மூக்கருகில் என் விரலை வைத்துக்கொண்டேயிருந்தேன். மூச்சு வருகிறதா, வருகிறதா. மைனி பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்குள் ஏதோ சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவருக்கு அண்ணன் போன் செய்தான். அவர் படகை அப்படியே கரையில் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். எனக்கு அப்போது ஒரு நினைப்பு வந்தது. டாக்டர் கேட்டால் என்ன சொல்வது? பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பொய்யை எப்படிக் காப்பாற்றுவது என்று என் மனதின் ஒரு மூலை யோசித்தது. அதை நான் ஒருநாளும் மறக்கமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவளை என் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். ட்ரிப் போட நரம்பு கிடைக்கவில்லை. ஒரு கையில் குத்தி, மறுகையில் குத்தி, கடைசியில் பாதத்தில் கிடைத்தது. எடை இரண்டு கிலோ அறுநூற்று முப்பது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாங்கள் நின்றோம். ஒருமணி நேரம் கழித்து அதே டாக்டர் வெளியே வந்தார். ரத்தம் பரிசோதனைக்குப் போயிருக்கிறது, கிருமித் தொற்றுக்கு மருந்து ஆரம்பித்திருக்கிறது, இனி பார்க்கலாம் என்றார். பிறகு மற்றவர்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். கதவைச் சாத்தினார். அட்டை அவர் கையில் இருந்தது.

"தாய்ப்பால் மட்டும்தானா கொடுத்தாய்?"

அதே கேள்வி. ஆனால் இந்தத் தடவை அவர் அதைக் கேட்டுவிட்டு அட்டையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். கோபம் இல்லை. பேனாவையும் எடுக்கவில்லை. வெளியே யாருடைய பிள்ளையோ அழுதது. அவர் அசையவில்லை.

"பசும்பாலு," என்றேன். "வெள்ளஞ் சேத்து. பன்னெண்டாம் நாளிலிருந்து." அப்புறம் எல்லாம் வந்தது. வலி, நசுங்கிய காம்பு, கிளம்புமுன் கொடுத்த மூன்று பாலாடை, தம்பியின் தோர்த்து.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவர் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அன்றைக்கு நான் பார்த்தது உன் பிள்ளையின் நாக்கை இல்லை, பாலாடையை," என்றார். "பாலாடைக்கு நாக்கு வேண்டாம். சாய்த்து ஊற்றினால் இறங்கிவிடும். மார்பிலிருந்து எடுக்கத்தான் நாக்கு எழும்ப வேண்டும்." பிறகு சொன்னார், "நானும் இன்னொரு நாள் வரச்சொல்லி, பசியோடு இருக்கும்போது பார்த்திருக்க வேண்டும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. தப்பு என்னுடையது. ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

கணவரிடம் நானே சொன்னேன். அவர் வராந்தாவின் கோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். திரும்பி வந்து, "எனக்கிட்ட எங்கிலும் சொல்லியிருக்கலாமே, எட்டி," என்றார். அவ்வளவுதான். அன்றைக்குக் கேலி இல்லை.

இரண்டு நாள் ட்ரிப் ஏறியது. மூன்றாம் நாள் பிள்ளை கண் திறந்து, பசித்து அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு வார்டில் எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் உண்மையான பரிசோதனை நடந்தது. தாய்மார்களுக்குப் பால் கொடுக்கக் கற்றுக்கொடுக்கிற நர்ஸ் ஒருத்தி வந்தாள், என்னைவிட இளையவள். பிள்ளையை உடுத்திருந்த துணியோடு எலக்ட்ரானிக் தராசில் வைத்து எடை குறித்துக்கொண்டாள். பிறகு மார்பில் வைக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நாற்பது நிமிடம். டக், டக் என்ற சத்தத்தை அவளும் கேட்டாள். விழுங்குகிற சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக் காத்திருந்தாள். முடிந்ததும் துணி மாற்றாமல், நனைந்திருந்தால் நனைந்தபடியே, மறுபடி அதே தராசில் வைத்தாள். பன்னிரண்டு கிராம் கூடியிருந்தது. நாற்பது நிமிட உழைப்புக்கு இரண்டரைத் தேக்கரண்டிகூட இல்லை.

அதே பாத்திரம், அதே தராசு, நடுவில் எதையும் கூட்டாமல் குறைக்காமல். என் வேலையின் ஒழுங்கே அதுதான். அதைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

உடனே வெட்டிவிடவில்லை. முதலில் இரண்டு நாள் பிடிக்கும் விதத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நான் பின்னால் சாய்ந்து அவளை மேலே கிடத்தி, பிறகு கக்கத்தின் அடியில் அணைத்து. இடையில் பிழிந்தெடுத்த என் பாலையும், போதாததற்கு டாக்டர் எழுதிக்கொடுத்த குழந்தைப் பால்மாவையும் அளந்து கொடுத்தார்கள். அட்டையில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதினார்கள். என் பால் மெல்ல மெல்லத் திரும்பியது. பால் ஊறியும் அவளால் எடுக்க முடியவில்லை. மறுபடி எடை போட்டபோது பதினாறு கிராம். காம்பு மறுபடி வெடித்தது.

டாக்டர் கடைசியாக ஒரு தடவை பார்த்தார். இந்தத் தடவை எனக்கும் கணவருக்கும் காட்டிக்கொண்டே பார்த்தார். பிள்ளை வாயை அகலத் திறந்து அழும்போது நாக்கு வாயின் பாதி உயரம்கூட எழவில்லை. கீழுதட்டை விரலால் தொட்டால் நாக்கு ஈறைத் தாண்டி வெளியே வரவில்லை. நாக்கின் அடியில் விரலை ஓட்டியபோது சவ்வு கம்பிபோல் இறுகி நின்றது, இழுத்தால் நீளவில்லை. விரலைச் சப்பக் கொடுத்தால் நாக்கு அதை அணைத்துப் பிடிக்காமல் பின்னுக்கு நழுவியது, ஈறுதான் கடித்தது. "அன்றைக்கும் இது இப்படித்தான் இருந்தது," என்றார். "ஆனால் இது பிள்ளையைத் தடுக்கிறது என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்."

தம்பியின் ரத்தத்தைப் பற்றி விவரமாகக் கேட்டார். பிறகு அவனுக்குப் பல் பிடுங்கியபோதோ அடிபட்டபோதோ ரத்தம் நிற்காமல் போனதுண்டா? இல்லை. எங்கள் வீட்டில் வேறு யாருக்காவது? இல்லை. இருந்தாலும் பிள்ளையின் ரத்தம் உறைகிறதா என்று ஒரு பரிசோதனை செய்தார். பிறந்தவுடன் போடும் வைட்டமின் கே ஊசி போட்டிருப்பதை அட்டையில் பார்த்துக்கொண்டார். பரிசோதனை முடிவு வரும் வரை நான் எதுவும் சாப்பிடவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. தம்பிக்கு அன்று நகம் ஆழமாகப் போய் ரத்தக்குழாயில் பட்டிருக்கும் என்றார். இருபத்தைந்து வருஷம் கழித்து ஒருவர் எனக்கு அதை விளக்கினார்.

"நீங்க வெளியே இருக்கலாம்," என்றாள் நர்ஸ்.

"இல்ல. நான் நிக்கேன்."

பிள்ளையைக் கை அசையாதபடி துணியில் சுற்றினார்கள். நர்ஸ் தலையைப் பிடித்தாள். விளக்கு பிள்ளையின் வாய்க்குள் அடித்தது. டாக்டர் இரண்டு விரலால் நாக்கைத் தூக்கினார். சவ்வு வெளிச்சத்தில் தெரிந்தது, வெங்காயத்தோல் மாதிரி மெல்லியது. இதுவா? இதற்கா இவ்வளவும்? முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல் உள்ளே போனது. என் உள்ளங்கை சுட்டது. ஒன்பது வயதில் சுட்ட அதே இடம். பிள்ளை அலறினாள். ரத்தம் வந்தது, ஐந்தாறு சொட்டு இருக்கும். டாக்டர் பஞ்சுத் துணியை வைத்து அழுத்தினார். நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் ஓரம் சிவந்தது. நடுவும் சிவந்தது. எண்ணத் தொடங்கினேன். நாற்பது எண்ணுவதற்குள் சிவப்பு பரவுவது நின்றுவிட்டது.

"மார்பில் வை," என்றார் டாக்டர்.

வைத்தேன். அழுதுகொண்டே பிடித்தாள், நழுவினாள், மறுபடி பிடித்தாள். டக். அப்புறம் ஒரு டக். வெட்டியும் வீணா? நர்ஸ் என் தோளை அழுத்தி, "பொறுங்க. அவ இப்பத்தான் நாக்க எடுத்துப் பழகுகா," என்றாள். ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். பிள்ளையின் தாடை அகலமாக இறங்கி மேலே வந்தது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. மூச்சு விடுவது போல, மிக மெல்லிய 'க்ஹ'. மறுபடி 'க்ஹ'. பிள்ளை விழுங்கினால் சத்தம் கேட்கும் என்பதே எனக்குத் தெரியாது. இருபத்துநாலு நாள் தாயாக இருந்தும் நான் அதைக் கேட்டதில்லை.

தராசில் இருபத்தாறு கிராம். மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் முப்பது, ஒரு தடவை பதினெட்டு, பிறகு நாற்பது. நாக்கின் அடியில் வெட்டிய இடம் வெள்ளையாகத் தெரிந்தபோது சீழ் என்று நான் மறுபடி அலறினேன். ஆறுகிற புண் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். இருபத்தேழாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மறுநாள் இருபத்தெட்டுக் கெட்டு, இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டிக் காதில் பெயர் சொல்லும் சடங்கு. கணவர் குனிந்து அவள் காதில் பெயரைச் சொன்னபோது அவள் கீழுதட்டுக்கு மேல் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தாள். "தாய்க்க நாக்காக்கும்," என்றார் அவர். கேலி திரும்பி வந்ததில் எனக்கு உயிர் திரும்பியது. அந்த அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பார்த்தேன். 'தாய்ப்பால் மட்டும்' என்ற வரியை டாக்டர் ஒரே கோட்டால் அடித்து, எழுத்தைப் படிக்க முடிகிற மாதிரியே விட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். என் பதிவேட்டில் நானும் அப்படித்தான் அடிப்பேன்.

ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். முதல் காலையே ஒரு பாத்திரப் பாலில் லாக்டோமீட்டர் நன்றாக அமிழ்ந்தது. கொண்டுவந்தவள் ஒற்றைப் பசு வைத்திருக்கிற ஒரு பெண், வெகுநாள் பழக்கம்.

"வெள்ளஞ் சேத்தியளா?"

"இல்ல."

கேள்வி முடிவதற்குள் வந்த பதில். அந்த வேகம் எனக்குத் தெரியும். வரிசையில் பின்னால் நின்றவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பதிவேட்டை மூடி ஓரத்தில் வைத்தேன். அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். அதே கேள்வியை மெதுவாக இன்னொரு தடவை கேட்டுவிட்டு, பேனாவை எடுக்காமல் நின்றேன்.

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "பசுவுக்குச் சொகமில்ல மக்கா. மூணு நாளா தின்னல்ல, பாலு கொறஞ்சதுனால வெள்ளஞ் சேத்தேன்," என்றாள். "பேடிச்சாக்கும் சொல்லாதது."

நான் போனை எடுத்து மாட்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.